முதல் முப்பது நொடிக்குள்ளேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்

வாசகர் கேள்வி

நான் சைக்கிள் மெக்கானிக். பழுது பார்ப்பதைச் சொல்லித்தரும் சேனல் ஒன்று நடத்துகிறேன். ‘சைக்கிள் கியர் நழுவுகிறதா? ஒரே திருகில் சரி செய்யலாம்’ என்று 8 நிமிட வீடியோ ஒன்று போட்டேன். நல்ல உழைப்பு. ஆனால் 30ஆவது நொடியில் 41 சதவீதம் பேர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோ காட்டுகிறது. இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை என்று தோன்றுகிறது. நண்பர் ஒருவர், தொடக்கத்தில் வேகமாக மாறும் காட்சிக் கட்டுகளும் அதிரடி இசையும் வை, பிரபலமான சினிமா வசனம் ஒன்றை 5 நொடி போடு, 10 நொடிக்குக் கீழே இருந்தால் காப்புரிமைப் பிரச்சினை வராது என்கிறார். இன்னொருவர், எந்தத் திருகு என்பதைக் கடைசிவரை சொல்லாதே, அப்போதுதான் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்கிறார். எது சரி? இந்த வீடியோவை அழித்துவிட்டுத் திருத்தி மறுபடி ஏற்றலாமா? எந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஸ்டுடியோ காட்டும் வரைபடத்தின் படங்களையும் வீடியோ இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவை முழுதாகப் பார்த்தேன். வரைபடத்தையும் நொடி நொடியாக வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்வையாளர்களுக்குப் பொறுமை இல்லை என்பதை உங்கள் வரைபடமே மறுக்கிறது. 30ஆவது நொடியில் 41 ஆக இருந்த கோடு, வீடியோ முடியும்போது 29இல் நிற்கிறது. அதாவது அரை நிமிடத்தைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஏழு பேர், ஒரு கிரீஸ் படிந்த சக்கரத்தை மேலும் ஏழரை நிமிடம் பார்த்திருக்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் செய்கிற வேலையா இது? நீங்கள் சொல்லித்தரும் விதம் நன்றாக இருக்கிறது. அந்த இடம் வருவதற்கு முன்பே நூற்றில் 59 பேரை இழக்கிறீர்கள். ஆகவே வீடியோவின் உடம்பைத் தொட வேண்டாம். வாசலை மட்டும் பார்ப்போம்.

கோடு எங்கே விழுகிறது

‘30ஆவது நொடியில் 41’ என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சரி செய்ய முடியாது. அந்த 59 பேர் எந்தெந்த நொடியில் போனார்கள் என்பதுதான் முக்கியம். வரைபடத்தின் மேல் சுட்டியை மெதுவாக நகர்த்திக்கொண்டே பக்கத்தில் வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது நான்கு துண்டுகள் தெரிந்தன.

முதல் 4 நொடியில் 100இலிருந்து 79க்கு வந்துவிடுகிறது. அடுத்து 12ஆவது நொடி வரை, நீங்கள் வணக்கம் சொல்லிச் சேனலை அறிமுகப்படுத்தும் இடத்தில், 70 ஆகிறது. 12இலிருந்து 19 வரை சேனலின் லோகோ சுழன்று வருகிறது, இசை ஒலிக்கிறது. அந்த 7 நொடியில் 70 என்பது 52 ஆகிவிட்டது. அப்புறம் 30 வரை சப்ஸ்கிரைப் செய்யுங்கள், மணியை அழுத்துங்கள் என்ற வேண்டுகோள். அங்கே 41.

இந்த நான்கு சரிவுக்கும் காரணம் ஒன்றல்ல. கடைசி மூன்றும் காத்திருக்க வைத்ததால் வந்தவை. பார்வையாளர் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறார், அவருக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. லோகோ ஓடும் இடத்தில் சரிவு செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள். பேச்சு நின்று வெறும் அலங்காரம் ஓடும்போது, ‘இன்னும் தொடங்கவே இல்லை’ என்ற எண்ணம் உறுதியாகிவிடுகிறது. வணக்கம் சொல்லும்போது போனவர்களைவிட லோகோவுக்குப் போனவர்கள் இரண்டு மடங்கு.

முதல் 4 நொடிச் சரிவு வேறு வகை. நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே 21 பேர் போயிருக்கிறார்கள். இதில் ஒரு பகுதியை யாராலும் தடுக்க முடியாது. தவறிக் கை பட்டவர்கள், வேறு எதையோ தேடியவர்கள் எல்லா வீடியோவிலும் உண்டு. ஆனால் உங்கள் வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது. முகப்புப் படத்தில் பின்சக்கரத்தின் பல்சக்கரங்கள் மிக அருகில் தெரிகின்றன, செயினை ஒரு சிவப்பு அம்பு காட்டுகிறது. அதை அழுத்தி உள்ளே வந்தால் முதல் காட்சியில் நீங்கள் தூரத்தில், கொஞ்சம் இருட்டான அறையில் நின்று, கேமராவைச் சரி செய்துவிட்டுப் பின்னால் நகர்கிறீர்கள். சைக்கிளே கண்ணில் படவில்லை. தான் அழுத்தியது இந்த வீடியோவைத்தானா என்று பார்வையாளருக்கு ஒரு கணம் சந்தேகம் வருகிறது. அந்தக் கணம் போதும், பின்னால் போக.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படமும் இதையே சொல்கிறது. தேடி வந்தவர்களில் 49 சதவீதம் பேர் 30ஆவது நொடியில் இருக்கிறார்கள். முகப்புப் பக்கத்தில் பார்த்து வந்தவர்களில் 33தான். தேடி வந்தவரின் சைக்கிள் அவர் எதிரிலேயே பழுதாகி நிற்கிறது, அதனால் லோகோவையும் பொறுத்துக்கொள்கிறார். முகப்பில் பார்த்தவருக்கு அந்த அவசரம் கிடையாது. அதோடு, கைபேசியில் முகப்புப் பக்கத்தில் வீடியோ பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தானாக ஓடத் தொடங்குகிறது. உங்கள் வணக்கம்கூட அவர் காதில் விழாது. சத்தம் இல்லாமலே புரியும் முதல் காட்சி அவருக்கு வேண்டும்.

தலைப்பு இரண்டு விதமான ஆட்களை அழைக்கிறது

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என் பார்வையில் இதுதான் பெரிய சிக்கல், உங்கள் தொழிலறிவால்தான் இதைத் தீர்க்க முடியும். ‘கியர் நழுவுகிறதா’ என்று தேடுபவர்கள் இரண்டு வகை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவருக்குக் கியர் மாற்றும்போது செயின் அடுத்த பல்சக்கரத்தில் ஏறாமல் ‘டக் டக்’ என்று அடிக்கிறது. அவருக்குக் கேபிள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், உங்கள் திருகு அவருக்கு உதவும். இன்னொருவருக்குக் கியர் ஒழுங்காக மாறுகிறது, மேடு ஏறும்போது அழுத்தி மிதித்தால் மட்டும் செயின் வழுக்குகிறது. அது பெரும்பாலும் தேய்ந்த செயின் அல்லது தேய்ந்த பல்சக்கரம். அவர் அந்தத் திருகை நாள் முழுக்கத் திருப்பினாலும் பலன் இல்லை.

இந்த இரண்டையும் உங்கள் வீடியோவில் 6ஆவது நிமிடத்தில்தான் பிரித்துச் சொல்கிறீர்கள். அதுவரை இரண்டாவது வகை ஆள் தன் பிரச்சினை வருமா வருமா என்று காத்திருக்கிறார், அல்லது நம்பிக்கை இழந்து போய்விடுகிறார். முதல் அரை நிமிடத்திலேயே இதைச் சொன்னால் சிலர் உடனே கிளம்புவார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் எப்படியும் போகப் போகிறவர்கள். தேய்ந்த செயின் பற்றி உங்களிடமே தனி வீடியோ இருக்கிறது. அந்த நொடியில் திரையின் ஓரத்தில் அதற்கு ஒரு கார்டு வைத்தால், அவர்கள் உங்கள் சேனலுக்குள்ளேயே இன்னொரு இடத்துக்குப் போவார்கள். மற்றபடி ‘இது யாருக்கு, யாருக்கு இல்லை’ என்று ஒரு மெக்கானிக் தெளிவாகச் சொல்லும்போது, சரியான ஆளுக்கு வருகிற நம்பிக்கையை எந்த இசையாலும் கொடுக்க முடியாது.

‘ஒரே திருகில்’ என்ற வாக்குறுதியும் எல்லாருக்கும் பொருந்தாது. கேபிள் தளர்ந்தவர்களுக்கு அது உண்மை. ஆகவே தலைப்பு அழைக்கும் வட்டத்தைச் சற்றுக் குறுக்குங்கள்: ‘கியர் மாற்றும்போது செயின் டக் டக் என்று அடிக்கிறதா? இந்த ஒரு திருகைப் பாருங்கள்’. அழுத்துபவர்கள் கொஞ்சம் குறையலாம். அழுத்தியவர்கள் நிற்பார்கள். தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் காட்டுவது பார்வையாளரை இழக்க வைப்பதோடு, வேண்டுமென்றே ஏமாற்றும் தலைப்பாக இருந்தால் யூடியூப் விதிகளுக்கும் எதிரானது. நீங்கள் அந்த எல்லையின் பக்கம்கூட இல்லை, ஆனால் ‘இன்னும் காரமாகத் தலைப்பு வை’ என்று நாளை யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கடைசிவரை மறைத்து வைக்கலாமா

இரண்டாவது நண்பரின் யோசனை கதை சொல்லும் வீடியோவுக்கு ஓரளவு பொருந்தும். முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் கதையையே பார்க்கிறோம். செய்முறை வீடியோவில் ஆளுக்குத் தேவை வேறு. தன் சைக்கிளில் அதைத் தானே செய்ய முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. எந்தத் திருகு என்று தெரிந்தால் மட்டும் அது முடிந்துவிடாது. எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு திருப்புவது, சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும், அதிகம் திருப்பிவிட்டால் என்ன செய்வது — இவ்வளவும் மீதி இருக்கிறது. அதற்குத்தான் உங்கள் 8 நிமிடம்.

அதனால் முடிவைக் காட்டிவிடுங்கள், திருகையும் காட்டிவிடுங்கள். எப்படி என்பதை வீடியோவுக்குள் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆட்கள் வீடியோவைத் தள்ளித் தள்ளித் திருகு வரும் இடத்தைத் தேடுவார்கள். உங்கள் வரைபடத்தில் 3 நிமிடம் 40 நொடியில் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அங்கேதான் உங்கள் விரல் முதல்முறையாகத் திருகைத் தொடுகிறது. தேடி வந்து அங்கே குதித்தவர்களும், திரும்பத் திரும்பப் பார்த்தவர்களும் உண்டாக்கிய மேடு அது. அவர்கள் என்ன பார்க்க வந்தார்கள் என்பதை அந்த மேடே சொல்லிவிடுகிறது. முதல் 15 நொடிக்குள் வரவேண்டிய காட்சி அதுதான்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். சிலர் போவார்கள். ஏற்கெனவே சைக்கிள் தெரிந்தவர்கள், ‘ஓ, அந்தத் திருகா’ என்று எழுந்து போவார்கள். அவர்களை 8 நிமிடம் பிடித்து வைக்க உங்களால் எந்த வழியிலும் முடியாது.

உங்கள் வீடியோவுக்கு ஒரு புதிய தொடக்கம்

பேச்சுத் தமிழில் நிதானமாகப் பேசினால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சொல் வரும். அப்படியென்றால் அரை நிமிடத்துக்கு உங்களிடம் இருப்பது அறுபது சொற்கள்தான், அதிலும் காட்சிக்காக அமைதியாக விடும் நொடிகளைக் கழிக்க வேண்டும். இப்போது உங்கள் தொடக்கத்தில் அந்த அறுபதும் வணக்கத்துக்கும் சேனல் பெயருக்கும் மணிக்கும் செலவாகிவிட்டன. கீழே இருப்பது ஒரு மாதிரி. உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

*0 முதல் 3 நொடி.* பேச்சு வேண்டாம். பின்சக்கரம் திரை முழுக்க, முகப்புப் படத்தில் உள்ள அதே கோணம். கையால் பெடலைச் சுற்றுகிறீர்கள், செயின் ஏற முயன்று விழுகிறது. அந்த ‘டக் டக்’ சத்தத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். தன் வீட்டில் கேட்ட அதே சத்தத்தைக் கேட்டால் ஆள் நின்றுவிடுவார். சத்தமில்லாமல் பார்ப்பவருக்குச் செயின் துள்ளுவதே போதும்.

*3 முதல் 9 நொடி.* காட்சி மாறவில்லை, உங்கள் குரல் மட்டும்: “கியர் மாத்தும்போது செயின் ஏறாம இப்படி அடிக்குதா? பெரும்பாலும் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஸ்பேனர்கூட வேண்டாம்.”

*9 முதல் 15 நொடி.* கேபிள் வந்து சேரும் இடத்தில் உள்ள திருகில் உங்கள் விரல்: “இதோ இந்தத் திருகு. கால் சுற்று.” திருப்புகிறீர்கள், பெடலைச் சுற்றுகிறீர்கள், செயின் ஏறுகிறது, சத்தம் நின்றுவிடுகிறது. அந்த அமைதியை ஒரு முழு நொடி விட்டுவிடுங்கள். இசையால் நிரப்ப வேண்டாம்.

*15 முதல் 22 நொடி.* இப்போது உங்கள் முகம்: “அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வழுக்குதுன்னா அது வேற. செயின் தேஞ்சிருக்கும். அதுக்கு இந்தத் திருகு உதவாது, மேல இருக்கிற வீடியோவைப் பாருங்க.”

*22 முதல் 30 நொடி.* மறுபடி சக்கரம்: “சரி, திருகைத் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும். செயினைக் கடைசியில இருக்கிற சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டு வாங்க.” கை கியரை மாற்றுகிறது. பாடம் தொடங்கிவிட்டது.

இதில் துள்ளலான கட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றே கோணங்கள்தான். வேகம் என்பது காட்சி மாறும் வேகமல்ல, புதிதாக ஒன்று தெரியவரும் வேகம். ஒவ்வொரு ஆறேழு நொடிக்கும் பார்வையாளருக்கு ஏதோ ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது: என் பிரச்சினைதான், காரணம் இது, சரியாகிறது, இது எனக்குத்தான், இதோ முதல் படி. முதல் நண்பர் சொன்ன அதிரடிக் கட்டுகளை இதற்குமேல் போட்டால் விரல் எந்தத் திருகில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். இசை வேண்டுமென்றால் மெல்லியதாக வைக்கலாம், ஆனால் 15ஆவது நொடிக்கு முன் வேண்டாம், செயின் சத்தத்தை மூடிவிடும்.

சப்ஸ்கிரைப் வேண்டுகோளைக் கைவிடச் சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். வீடியோவின் நடுவில், எல்லாக் கியரிலும் செயின் சத்தமில்லாமல் ஏறி இறங்கும் அந்த இடத்தில் ஒரு வரி சொல்லுங்கள். அப்போது பார்வையாளருக்கு உங்களிடமிருந்து ஏற்கெனவே ஒன்று கிடைத்திருக்கும். லோகோவைத் திரையின் மூலையில் சிறியதாக வைத்தாலே போதும். நீங்கள் யார் என்பதை உங்கள் கை சொல்லிவிடும்.

30ஆவது நொடியைத் தாண்டியதும்

தொடக்கத்தைத் திருத்துபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது. முதல் 20 நொடிக்கு அழகான முன்னோட்டம் வைப்பார்கள். அது முடிந்ததும் ‘வணக்கம் நண்பர்களே, இன்றைய வீடியோவில்’ என்று பழைய தொடக்கம் அப்படியே திரும்பி வரும். பார்வையாளர் பார்வையில் வீடியோ இரண்டாவது முறையாகத் தொடங்குகிறது. வரைபடத்தில் 30ஆவது நொடி எண் நன்றாக இருக்கும், 35ஆவது நொடியில் பள்ளம் விழும். எண்ணை ஐந்து நொடி தள்ளிப்போட்டதுதான் மிச்சம்.

உங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் இப்போதுள்ள வீடியோவில் 30 முதல் 70 நொடி வரை கியரின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறீர்கள். அதைத் தனிப் பகுதியாக வைக்காதீர்கள். சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்த கையோடு, ‘இப்ப ஒரே ஒரு கிளிக் மாத்துங்க, செயின் ஏறலையா? அப்ப கேபிள் இறுகணும், பின்னாடியிருந்து பார்த்தா திருகைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா திருப்புங்க’ என்று வேலைக்குப் போய்விடுங்கள். எந்தப் பாகம் எப்போது தேவைப்படுகிறதோ அப்போது அதன் பெயரைச் சொன்னால் போதும்.

சினிமா வசனமும் பத்து நொடிக் கணக்கும்

10 நொடிக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்பது பரவலாக நம்பப்படும் தவறு. இத்தனை நொடி வரை பாதுகாப்பு என்று எந்த விதியும் கிடையாது. யூடியூபின் தானியங்கிச் சோதனை சில நொடித் துண்டையும் கண்டுபிடிக்கக்கூடியது. பிடிபட்டால், உரிமையாளர் என்ன தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் வீடியோவின் வருமானம் அவருக்குப் போகலாம், அல்லது வீடியோவைப் பார்க்க முடியாமல் தடுக்கப்படலாம். இது ஒரு வகை. உரிமையாளர் நேரடியாகச் சட்டப்படி நீக்கக் கோரினால் அது சேனலுக்கு எதிரான எச்சரிக்கையாகப் பதிவாகும். 90 நாளுக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடக்கூடும். விமர்சனம், ஆய்வு போன்ற காரணங்களுக்காக எடுத்தாள்வதற்குச் சட்டங்களில் விலக்குகள் உண்டு. சும்மா கவனத்தை இழுக்க வைத்த வசனத்துக்கு அந்த வாதம் நிற்பது கடினம்.

உரிமைப் பிரச்சினை இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்களிடம் இருக்கும் 30 நொடியில் 5ஐ, சைக்கிளே இல்லாத ஒரு காட்சிக்குக் கொடுக்கிறீர்கள். முதல் 4 நொடியில் 21 பேர் போனதற்குக் காரணமும் அதேதான்: சைக்கிளைத் தேடி வந்தவருக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை.

இந்த வீடியோவை அழிக்கலாமா

வேண்டாம். அழித்தால் இணைப்பு போகும், பார்வைகளும் கருத்துகளும் போகும், தேடலில் அது பிடித்து வைத்திருக்கும் இடமும் போகும். தேடி வருபவர்களில் பாதிப் பேர் நிற்கிறார்கள் என்றால் அந்த இடத்துக்கு மதிப்பு இருக்கிறது.

யூடியூப் ஸ்டுடியோவிலேயே உள்ள எடிட்டரில், வெளியான வீடியோவின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். இணைப்பும் பார்வைகளும் அப்படியே இருக்கும். ஆனால் புதிய காட்சியைச் சேர்க்கவோ, வேறு கோப்பை அதன் இடத்தில் வைக்கவோ முடியாது. ஆகவே 0இலிருந்து 30ஆவது நொடி வரை உள்ள முழுவதையும் வெட்டிவிடுங்கள். வீடியோ ‘பின்சக்கரத்துல இதுதான்’ என்று நீங்கள் சைக்கிளைக் காட்டும் இடத்தில் தொடங்கும். முழுமையான தொடக்கம் ஆகாது, ஆனால் முகப்புப் படத்தில் உள்ள சக்கரம் முதல் நொடியிலேயே வந்துவிடும். வெட்டிய பிறகு கார்டுகளும், விளக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் நேரக் குறிப்புகளும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துங்கள். மாற்றம் வெளியாகச் சில மணி நேரம் ஆகலாம். தலைப்பையும் அதே நாளில் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வெட்டியதன் விளைவை இரண்டு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் தலைப்புக்கு வாருங்கள்.

மேலே எழுதிய மாதிரித் தொடக்கத்தை அடுத்த வீடியோக்களில் பயன்படுத்துங்கள். ஒப்பிடும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. ஏறக்குறைய ஒரே நீளமுள்ள உங்கள் சொந்த வீடியோக்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்த சேனலின் எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. வெளியாகி ஏழு நாள் ஆனபின் உள்ள எண்ணை எல்லா வீடியோவுக்கும் எடுங்கள், ஏனென்றால் முதல் நாளில் வருபவர்கள் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள், அவர்கள் எப்படியும் அதிகம் நிற்பார்கள். மூன்றாவது, தேடலில் வந்தவர்களைத் தனியாகவும் முகப்பில் வந்தவர்களைத் தனியாகவும் பாருங்கள். முகப்பிலிருந்து வரும் கூட்டம் திடீரென்று கூடினால், தொடக்கம் நன்றாக இருந்தாலும் மொத்த எண் இறங்கித்தான் தெரியும்.

உங்கள் வீடியோக்களுக்கு முந்நூறு நானூறு பார்வைகள்தான் வருகின்றன. அந்த அளவில் 41க்கும் 46க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஒரு வீடியோவை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். நான்கைந்து வீடியோக்களில் தொடர்ந்து 50ஐத் தாண்டினால் தொடக்கம் மாறியதுதான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். அப்படித் தாண்டும்போது, வீடியோவின் முடிவில் இருப்பவர்கள் அதே விகிதத்தில் கூடவில்லையே என்று குழம்பாதீர்கள். முன்பு லோகோவைக்கூடப் பொறுத்துக்கொண்டு நின்றவர்கள் உறுதியானவர்கள். இப்போது புதிதாக உள்ளே வருபவர்கள் அரைமனதோடு இருந்தவர்கள், அவர்களில் சிலர் நடுவில் போவார்கள்.

அப்படி அவர்கள் போகும் இடம் எது என்பது ஒரு மாதத்தில் வரைபடத்தில் தெரிந்துவிடும். இந்த வீடியோவில் என் கணிப்பு, கேபிளை முழுதாகக் கழற்றிக் காட்டும் 5ஆவது நிமிடம். அந்தப் பகுதி திருகு வேலை செய்யாதவர்களுக்கு மட்டும் தேவைப்படுவது, தனி வீடியோவாகவே போடலாம். ஆனால் அந்த முடிவை வரைபடம் வந்தபின் எடுங்கள், இப்போதே வெட்டிவிட வேண்டாம்.